இரண்டு முறை புரியவில்லை என்றால் ஆளிடம் கொடுங்கள்

பணம் கட்டும் ஆப் ஒன்றின் உதவிச் சாட்டில் இப்படி ஓர் உரையாடல் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் பில் கட்டிய ஒரு அம்மா, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புகிறார்.

“சார், ஈபி பில் கட்டினேன். அமௌன்ட் கட் ஆயிடுச்சு. ஆனா பில்லு கட்டினதா காட்டல.”

சாட்பாட் சொல்கிறது: “மின் கட்டணம் செலுத்த விரும்புகிறீர்களா? கீழே உள்ள பட்டனை அழுத்துங்கள்.”

“இல்ல, ஏற்கெனவே கட்டிட்டேன். பணம் போயிடுச்சு.”

“மன்னிக்கவும், புரியவில்லை. வேறு விதமாகச் சொல்ல முடியுமா?”

“நாளைக்கு லாஸ்ட் டேட். ஃபைன் போடுவாங்களா?”

“கடைசித் தேதியை அறிய உங்கள் மின் இணைப்பு எண்ணை அனுப்புங்கள்.”

அந்த அம்மாவிடம் கேட்டால், மூன்று முறை சொல்லியும் இதற்குப் புரியவில்லை என்பார். ஆனால் அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் புரியாமல் போனது ஒரே ஒரு முறை என்றுதான் இருக்கும். நடுவில் வந்த ‘மன்னிக்கவும், புரியவில்லை’ மட்டுமே அங்கே கணக்கு. முதல் பதிலையும் மூன்றாவது பதிலையும் பாட் முழு நம்பிக்கையோடு தவறாகச் சொன்னது. தவறாகப் புரிந்துகொண்டது என்பதே அதற்குத் தெரியாததால், அந்த இரண்டும் வெற்றியாகப் பதிவாகின்றன.

வாடிக்கையாளர் சேவையில் இன்று பரவலாக இருக்கும் ஒரு விதி, இரண்டு முறை புரியாமல் போனால் உரையாடலை ஒரு மனிதரிடம் மாற்றிவிட வேண்டும் என்பது. நல்ல விதிதான். ஆனால் அதன் பலன் முழுவதும், அந்த ‘இரண்டு’ யாருடைய கணக்கில் எண்ணப்படுகிறது என்பதில் இருக்கிறது. பாட் தன் குழப்பத்தை எண்ணினால் விதி பெரும்பாலும் தூங்கும். வாடிக்கையாளரின் தவிப்பை எண்ணினால்தான் அது வேலை செய்யும்.

பாட் எப்படிப் புரிந்துகொள்கிறது?

பழைய வகைச் சாட்பாட்டுக்கு முன்கூட்டியே சில நோக்கங்கள் கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கும். ‘பில் கட்ட வேண்டும்’, ‘பணம் போய்விட்டது, சேரவில்லை’, ‘பணம் திரும்ப வேண்டும்’ என்று ஒவ்வொன்றுக்கும் மாதிரி வாக்கியங்கள் கொடுத்துப் பயிற்சி தந்திருப்பார்கள். நாம் ஒரு செய்தி அனுப்பியதும், அது எந்த நோக்கத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குள் ஒரு மதிப்பெண் போடும். முதலிடத்தில் வரும் மதிப்பெண் ஒரு வரம்புக்குக் கீழே இருந்தால் ‘புரியவில்லை’ என்று சொல்லும். வரம்பைத் தாண்டிவிட்டால், புரிந்ததாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லிவிடும்.

அந்த அம்மாவின் முதல் செய்தியில் ‘ஈபி பில்’, ‘கட்டினேன்’ என்ற சொற்கள் இருந்தன. பில் கட்டுவதற்கான மாதிரி வாக்கியங்களிலும் அதே சொற்கள்தான் இருக்கும். ஆகவே அந்த நோக்கத்துக்கு 0.48, பணம் சேராத நோக்கத்துக்கு 0.41 என்று விழுந்திருக்கலாம். இரண்டும் ஏறக்குறைய சமம். இப்படி இருக்கையில் முதலிடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு பதில் சொன்னதில்தான் பிழை தொடங்கியது. ‘ராசா’ என்ற திறந்தமூலச் சாட்பாட் மென்பொருளில் இதற்காகவே இரண்டு தனித்தனி அளவுகோல்கள் இருக்கின்றன. மதிப்பெண் மிகக் குறைவாக இருப்பது ஒன்று. முதலிரண்டு இடங்களுக்கும் நடுவே இடைவெளி மிகச் சிறியதாக இருப்பது இன்னொன்று. எதில் மாட்டினாலும் பாட் பதில் சொல்லக் கூடாது, கேள்வி கேட்க வேண்டும்.

ஏன் இரண்டு?

மனிதர்கள் பேசும்போதும் புரியாமல் போவது சகஜம். மார்க் டிங்கமான்ஸேயும் சக மொழியியலாளர்களும் 12 மொழிகளின் அன்றாடப் பேச்சைப் பதிவுசெய்து 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒரு முறை யாரோ ஒருவர் ‘ஆங்?’, ‘யாரு?’, ‘நாளைக்கா?’ என்று இடைமறித்துக் கேட்கிறார் என்பது அதில் தெரிந்தது. அதைவிட முக்கியமான இன்னொன்றும் தெரிந்தது. மனிதர்கள் தங்களால் முடிந்த அளவு குறிப்பாகவே கேட்கிறார்கள். பாதி காதில் விழுந்திருந்தால் மீதிப் பாதியை மட்டும் கேட்பார்கள். எதுவுமே விழாதபோதுதான் ‘என்ன?’ என்று மொத்தமாகத் திருப்பிக் கேட்பார்கள். எதிரில் இருப்பவரின் வேலையைக் குறைக்கும் மரியாதை அது.

சாட்பாட் ‘வேறு விதமாகச் சொல்ல முடியுமா?’ என்று கேட்பது அந்த வரிசையில் கடைசி இடத்தில் இருக்க வேண்டிய கேள்வி. மொத்தச் சுமையையும் அது வாடிக்கையாளர் தலையில் வைக்கிறது. எந்தச் சொல் புரியவில்லை என்று சொல்லாமல் ‘வேறு மாதிரி சொல்’ என்றால், அவர் எதை மாற்றுவார்? பெரும்பாலும் அதே வாக்கியத்தைக் கொஞ்சம் சுருக்கியோ, கொஞ்சம் கோபமாகவோ அனுப்புவார். பாட்டுக்கு அது முன்னைவிடக் கடினமாகிவிடும்.

இங்கிருந்துதான் ‘இரண்டு’ வருகிறது. ஒரு பாட்டுக்குக் கையில் இருப்பவை இரண்டே வகைக் கேள்விகள். ‘இதுவா, அதுவா?’ என்று தன் ஊகங்களை முன்வைத்துக் கேட்பது ஒன்று. குறிப்பான ஒரு தகவலைக் கேட்டோ, மறுபடி சொல்லச் சொல்லியோ புதுச் செய்தி வாங்குவது இன்னொன்று. இரண்டும் பலிக்கவில்லை என்றால், மூன்றாவதாகக் கேட்பது முதலிரண்டில் ஒன்றின் மறுபதிப்பாகத்தான் இருக்கும். பாட் புதிதாக எதையும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. வாடிக்கையாளருடைய நேரமும் பொறுமையும் மட்டும்தான் செலவாகும்.

மென்பொருள் செய்பவர்களும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ராசாவில் இரண்டு கட்டமாக ஓர் ஏற்பாடு உண்டு. முதலில் ‘நீங்கள் கேட்பது இதுதானா?’ என்று பாட் உறுதி கேட்கும். இல்லை என்றால் வேறு விதமாகச் சொல்லச் சொல்லும். அதிலும் தெளிவு வராமல் இரண்டாம் முறையும் ‘இதுவல்ல’ என்று பதில் வந்தால், அங்கேயே நிறுத்திவிட்டு அடுத்த வழிக்குப் போகும். ஆளிடம் மாற்றுவதை அந்த அடுத்த வழியாக வைத்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்டின் சாட்பாட் கருவியிலும் இதேபோல இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு ஊழியரிடம் தள்ளும் வழக்கம் ஆரம்ப அமைப்பிலேயே வைக்கப்பட்டிருந்தது.

இந்த நியாயத்தை ஒப்புக்கொண்டால் ஒரு நிபந்தனையும் கூடவே வந்துவிடுகிறது. இரண்டு முயற்சிகளும் வெவ்வேறாக இருந்தாக வேண்டும். ‘புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்’ என்பதையே இரண்டு முறை அனுப்பிவிட்டு ஆளிடம் மாற்றினால், விதியின் எழுத்து நிறைவேறியது, அர்த்தம் நிறைவேறவில்லை. அங்கே நடந்தது ஒரே முயற்சி, அதுவும் பலவீனமான முயற்சி.

அதே உரையாடல், ஒழுங்காக நடந்தால்

அந்த அம்மாவின் முதல் செய்திக்குத் திரும்புவோம். பாட் இரண்டு நோக்கங்களுக்கு நடுவே நிற்கிறது. அவர் ஆப்புக்குள் தன் கணக்கில்தான் இருக்கிறார். அப்படியானால் பாட் அவரிடம் கேட்பதற்கு முன் கணக்கைத் திறந்து பார்க்கலாம். அங்கே இன்று காலை 10.12-க்கு 1,840 ரூபாய் மின் கட்டணம் ஒன்று பெண்டிங்கில் கிடக்கிறது. ஆகவே அதன் முதல் கேள்வி இப்படி அமைய வேண்டும்:

“இன்று காலை 10.12-க்குக் கட்டிய 1,840 ரூபாய் கரண்ட் பில் பற்றித்தான் கேட்கிறீர்களா?” கீழே ‘ஆமாம்’, ‘வேறு விஷயம்’ என இரண்டு பட்டன்கள்.

அந்த அம்மா பட்டனைத் தொடவில்லை. “ரெண்டு தடவ போயிருக்கு” என்று தட்டுகிறார்.

இப்போது பாட் உண்மையிலேயே குழம்புகிறது, ஏனென்றால் கணக்கில் ஒரு பரிவர்த்தனைதான் இருக்கிறது. இதை முதல் தெளிவின்மை என்று குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த கேள்வி முந்தையதைவிடக் குறிப்பாக இருக்க வேண்டும்: “இந்தக் கணக்கில் ஒரு முறை மட்டும்தான் பணம் போயிருக்கிறது. இரண்டாவது முறை வேறு ஃபோனிலிருந்தோ வேறு ஆப்பிலிருந்தோ கட்டினீர்களா?”

“பையன் ஃபோன்ல போட்டான். அதுவும் போச்சு. நாளைக்கு லாஸ்ட் டேட் சார்.”

மனிதர் ஒருவருக்கு இது ஒரே நொடியில் விளங்கும். முதலில் கட்டியது ஏறவில்லை என்று பயந்து, கடைசித் தேதி நெருங்குவதால் மகன் போனிலிருந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். பாட்டுக்கோ இது எந்த நோக்கத்திலும் பொருந்தாது. மகனுடைய கணக்கைப் பார்க்க அதற்கு அனுமதியும் கிடையாது. இது இரண்டாவது தெளிவின்மை. மூன்றாவது கேள்வி கேட்காமல் இங்கே மாற்றிவிட வேண்டும்.

சாட்டை எடுக்கும் ஊழியர் முதலில் பார்க்க வேண்டியது, மகன் கட்டியது பில்லில் ஏறிவிட்டதா என்பதை. மின் இணைப்பு எண்ணை வைத்து அதைச் சரிபார்க்கலாம். ஏறியிருந்தால் நாளைய கவலை அப்போதே தீர்ந்தது. முதலில் போன 1,840 ரூபாய் திரும்ப வருவதைப் பற்றி மட்டும் பேசினால் போதும். ஏறவில்லை என்றால் கடைசித் தேதிக்குள் என்ன செய்வது என்பது முதல் வேலையாகிறது.

பணம் திரும்புவதற்கு ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை கெடு வைத்திருக்கிறது. யுபிஐ வழியாக வணிகருக்குச் செலுத்தி, கணக்கிலிருந்து பணம் போய், அங்கே உறுதி சேராமல் நின்றால், பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்பிவிட வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. இந்தத் தகவலைப் பாட்டே சொல்லியிருக்கலாமே என்று தோன்றலாம். சொல்லலாம். ஆனால் எந்தப் பணம் நின்றுபோனது, எது சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்காமல் சொன்னால், அந்த அம்மா இரண்டு பணமும் திரும்பிவிடும் என்று நம்பி, பில்லைக் கட்டாமல் விட்டுவிடக்கூடும்.

எண்ணும் இடத்தில் வரும் சிக்கல்கள்

தெளிவின்மையை எண்ணுவது கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. நடைமுறையில் மூன்று இடங்களில் இது வழுக்குகிறது.

முதலாவது, துண்டு துண்டாக அனுப்பும் பழக்கம். நம்மில் பலர் சாட்டில் ஒரே செய்தியாக எழுதுவதில்லை. ‘சார்’ என்று ஒன்று, ‘பணம்’ என்று ஒன்று, ‘போயிடுச்சு’ என்று ஒன்று அனுப்புவோம். ஒவ்வொரு துண்டையும் தனிச் செய்தியாக எடுக்கும் பாட், சில நொடிகளுக்குள் இரண்டு முறை ‘புரியவில்லை’ என்று சொல்லி, வாடிக்கையாளர் வாக்கியத்தை முடிப்பதற்குள் ஆளிடம் தள்ளிவிடும். ஊழியர் சாட்டைத் திறந்தால், பாட்டே தீர்த்திருக்கக்கூடிய எளிய கேள்வி அது என்று தெரியும். இதற்குப் பரிகாரம், செய்தி வந்ததும் சில நொடிகள் பொறுத்து, அடுத்தடுத்து வருவதை ஒன்றாகச் சேர்த்துப் படிப்பது. ‘ஹலோ’, ‘இருக்கீங்களா’ போன்றவற்றைத் தெளிவின்மைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் அவசியம்.

இரண்டாவது, எண்ணிக்கை திரும்பப் பூஜ்யமாவது. பல அமைப்புகளில் ‘தொடர்ந்து இரண்டு முறை’ என்றுதான் விதி எழுதப்பட்டிருக்கும். நடுவில் ஒரு செய்தி புரிந்துவிட்டால் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். வாடிக்கையாளர் நொந்துபோய் ‘சரி’ என்கிறார். பாட்டுக்கு ‘சரி’ நன்றாகப் புரியும், கணக்கு அழிந்துவிடும். மெனு பட்டனை ஒரு முறை அழுத்தினாலும் அதே கதை. இப்படிப் புரியவில்லை, சரி, புரியவில்லை, மெனு, புரியவில்லை என்று பத்து நிமிடம் சுற்றினாலும் அவர் ஆளிடம் போய்ச் சேரமாட்டார். அதனால் இரண்டு கணக்குகள் வைத்துக்கொள்வது நல்லது. தொடர்ச்சியாக இரண்டு என்பது ஒன்று. அந்த உரையாடல் முழுவதிலும் சேர்த்து மூன்று என்பது இன்னொன்று. எது முதலில் நிரம்பினாலும் மாற்றிவிட வேண்டும். இரண்டாவது கணக்கை எதுவும் அழிக்கக் கூடாது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. நம்பிக்கையோடு சொல்லப்படும் தவறான பதில். முதல் உரையாடலில் அந்த அம்மா “இல்ல, ஏற்கெனவே கட்டிட்டேன்” என்றாரே, அந்த ‘இல்ல’ ஒரு தெளிவின்மையாக எண்ணப்பட்டிருக்க வேண்டும். பாட் தன் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் அது கணக்கில் விழவில்லை. வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து எண்ணுவதற்கு அடையாளங்கள் இருக்கின்றன. ‘இல்ல’, ‘அது இல்லீங்க’, ‘நான் கேட்டது வேற’ என்ற மறுப்புகள். அதே கேள்வியை ஏறக்குறைய அதே சொற்களில் மறுபடி அனுப்புவது. பாட் கேட்ட கேள்விக்குப் பதில் தராமல் தன் பிரச்சினையையே திரும்பச் சொல்வது. இவற்றில் எது வந்தாலும் எண்ணிக்கையில் ஒன்று கூட்ட வேண்டும்.

இப்போது வந்திருக்கும் மொழி மாதிரிகளில் ஓடும் புதிய பாட்களுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். அவை ‘புரியவில்லை’ என்று சொல்வது அபூர்வம். எதைக் கேட்டாலும் சரளமான, நயமான ஒரு பதில் வந்துவிடும். குழப்பத்தைப் பாட் தானே ஒப்புக்கொள்ளும் என்று காத்திருந்தால், எண்ணிக்கை பூஜ்யத்தைத் தாண்டவே தாண்டாது. இதன் விலை என்ன என்பதற்குக் கனடாவில் ஒரு வழக்கு இருக்கிறது. உறவினர் இறப்பை ஒட்டிப் பயணிப்பவர்களுக்கான சலுகைக் கட்டணத்தைப் பயணத்துக்குப் பிறகும் கோரலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் ஒரு பயணியிடம் சொன்னது. அந்த நிறுவனத்தின் விதி அப்படி இல்லை. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் குடிமைத் தீர்ப்பாயம், பாட் சொன்னதற்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி அவருக்கு இழப்பீடு தரச் செய்தது. அந்த உரையாடலில் பாட் தடுமாறவே இல்லை. தெளிவாக, தவறாகச் சொன்னது. அப்படிப்பட்ட பிழையை ‘இரண்டு முறை’ விதியால் பிடிக்க முடியாது. சலுகை, இழப்பீடு, பணம் திரும்புதல் போன்றவற்றில் பாட் சொந்தமாக வாக்குக் கொடுக்காமல், எழுதிவைத்த விதியை மட்டும் காட்டும்படி கட்டுவதுதான் அதற்கான காப்பு.

எண்ணாமலே மாற்ற வேண்டியவை

சில செய்திகளுக்கு இரண்டு வரை காத்திருப்பதே தவறு. ‘நான் போடாத பணம் போயிருக்கு’, ‘ஓடிபி சொல்லிட்டேன்’, ‘கார்டு தொலைஞ்சுபோச்சு’ என்ற சொற்கள் தென்பட்டால் முதல் செய்தியிலேயே ஆளிடம் போக வேண்டும். மோசடியில் போன பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாக நகரும். நகர்வதற்குள் முடக்கினால்தான் மீட்க வழி உண்டு. அத்தகைய செய்திக்குப் பாட் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் காட்ட வேண்டும். வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாமல் மூன்றாவது நபரால் பணம் பறிபோனால், தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொன்னால் வாடிக்கையாளருக்கு இழப்பில் பங்கில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் விதி செய்தது. இந்த நிலையில் இருப்பவரை ‘வேறு விதமாகச் சொல்லுங்கள்’ என்று நிறுத்திவைப்பது அவருடைய உரிமைக்கான கெடுவைத் தின்பது.

கணக்கு வைத்திருந்தவர் இறந்துவிட்டார் என்று குடும்பத்தார் எழுதுவதும் இதே வகை. ‘ஆள் யாராச்சும் இருக்காங்களா’ என்று நேரடியாகக் கேட்பதும் இதே வகைதான். ஆள் வேண்டும் என்று சொன்னவரிடம் ‘நானே உதவுகிறேன், உங்கள் பிரச்சினையைச் சொல்லுங்கள்’ என்று பாட் மல்லுக்கு நிற்கக் கூடாது. அதிகபட்சம், ‘எதைப் பற்றி என்று ஒரு வரியில் சொன்னால் சரியான பிரிவுக்கு அனுப்புகிறேன்’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அனுப்பிவிட வேண்டும்.

மாற்றிவிடுவது என்றால் எதை?

சாட்டை ஆளிடம் மாற்றியதும், அவர் “வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?” என்று ஆரம்பித்தால், வாடிக்கையாளருக்கு அது மூன்றாவது தோல்வி. நடந்தது அத்தனையும் வீண் என்று அந்த ஒரு வரி அவருக்குச் சொல்லிவிடுகிறது. ஊழியர் மீதும் பழி போட முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சாட்களைக் கவனித்துக்கொண்டிருப்பவர் முழு உரையாடலையும் மேலே தள்ளித் தள்ளிப் படிக்க நேரமிருக்காது. அதனால் பாட் ஐந்து வரியில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த அம்மாவின் விஷயத்தில் அது இப்படி இருக்கும்:

சொன்னது: “ஈபி பில் கட்டினேன், கட்டினதா காட்டல. ரெண்டு தடவ போயிருக்கு. பையன் ஃபோன்ல போட்டான்.”
தெரிந்தது: இன்று காலை 10.12, ரூ.1,840, மின் கட்டணம், பெண்டிங்.
தெரியாதது: மகன் போனில் கட்டியது எந்த ஆப்பில், பில்லில் ஏறியதா.
கேட்டுப் பார்த்தது: இந்தப் பரிவர்த்தனைதானா, வேறு போனிலிருந்து கட்டினீர்களா.
அவசரம்: நாளை கடைசித் தேதி.

முதல் வரியில் வாடிக்கையாளரின் சொற்களை அப்படியே வைத்திருப்பதைக் கவனியுங்கள். பாட் அதைத் தன் பாஷையில் சுருக்கி ‘மின் கட்டணம் தொடர்பான வினவல்’ என்று எழுதினால், முதலில் எங்கே தவறாகப் புரிந்துகொண்டதோ அதே தவறு குறிப்பிலும் ஏறிவிடும். இந்தக் குறிப்பைப் பார்த்த ஊழியரின் முதல் வரி இப்படி அமையும்: “வணக்கம்மா. காலையில நீங்க கட்டின 1,840 ரூபாய் பெண்டிங்ல இருக்கு. உங்க பையன் கட்டினது பில்லுல ஏறிடுச்சான்னு முதல்ல பாத்துடறேன். மின் இணைப்பு எண் அனுப்பறீங்களா?” கேட்கப்படுவது ஒரே ஒரு விஷயம், அதுவும் இதுவரை கேட்கப்படாத விஷயம்.

மாற்றுவதற்கு முன் பாட் பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா? இரவு பதினொன்றரைக்கு ‘ஊழியருடன் இணைக்கிறோம், காத்திருங்கள்’ என்று சொல்லிவிட்டுக் காலைவரை அந்த வரியையே காட்டிக்கொண்டிருப்பது, மாற்றாமல் இருப்பதைவிட மோசம். ஆள் இல்லை என்றால் அதை அப்படியே சொல்ல வேண்டும். புகார் எண், எத்தனை மணிக்கு யார் தொடர்புகொள்வார்கள், அதுவரை வாடிக்கையாளர் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்ற நான்கும் அந்தச் செய்தியில் இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் செய்யக் கூடாதது, மூன்றாம் முறையாகப் பணம் கட்டுவது.

விதி சரியாக ஓடுகிறதா?

நிறுவனங்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் கணக்கு ஒன்று இருக்கிறது: நூற்றுக்கு எத்தனை சாட்கள் ஆளிடம் போகாமல் பாட்டிலேயே முடிந்தன என்பது. அதில் ஒரு பெரிய ஓட்டை. வெறுத்துப்போய்ச் சாட்டை மூடியவரும் பாட்டிலேயே ‘முடிந்தவர்’ என்றுதான் அந்தக் கணக்கில் வருகிறார். இரண்டை ஐந்தாக மாற்றினால் அந்த எண்ணிக்கை உடனே உயரும். தீர்ந்த பிரச்சினைகள் ஒன்றுகூட அதிகமாகியிருக்காது.

உண்மையை அறிய உரையாடல்களையே எடுத்துப் படிக்க வேண்டும். வாரத்துக்கு இருபது முப்பது படித்தாலே போதும். பாதி, ஆளிடம் போனவை. அவற்றில் கேட்க வேண்டியது, வாடிக்கையாளரின் முதலிரண்டு செய்திகளிலேயே விடை காண வேண்டிய தகவல் அத்தனையும் இருந்ததா என்று. பலவற்றில் இருந்தால், பாட்டுக்குப் பயிற்சி போதவில்லை. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவதை, ‘கட் ஆயிடுச்சு’, ‘ஏறல’, ‘விழல’ போன்ற பேச்சுச் சொற்களை அது பார்த்ததே இல்லை என்று பொருள். மாற்றும் விதியைத் தொடாமல் அந்தச் சொற்களைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

மறுபாதி, ஆளிடம் போகாமல் முடிந்தவை. அவற்றில் கடைசிச் செய்தி யாருடையது என்று பார்க்க வேண்டும். பாட் ஒரு கேள்வி கேட்டு, பதிலே வராமல் நின்றிருந்தால், பெரும்பாலும் அவர் கைவிட்டுவிட்டார். அதே நபர் அன்றோ மறுநாளோ அதே விஷயத்துக்காகப் போன் செய்திருக்கிறாரா என்று தேடினால் சந்தேகம் தீர்ந்துவிடும். அப்படி நிறையப் பேர் இருந்தால் விதி தாமதமாக விழிக்கிறது, அல்லது எண்ணிக்கை தவறான இடத்தில் நடக்கிறது.

ஊழியர்கள் போதாது, எல்லாரையும் மாற்றிவிட்டால் வரிசை நீண்டுவிடும் என்பது நிறுவனங்களின் கவலை. அது நியாயமானது. ஆனால் அதற்கு விடை மூன்றாவது, நான்காவது முறை கேட்பதில் இல்லை. முதல் கேள்வியைக் கூர்மையாக்குவதில் இருக்கிறது. கணக்கைப் பார்த்துவிட்டுக் கேட்கும் ஒரு நல்ல கேள்வி, இரண்டாவது கேள்விக்கே வேலையில்லாமல் செய்யும். மூன்றாவது முயற்சியின் செலவு நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் வராது என்பதற்காக அது இலவசம் என்று நினைக்கக் கூடாது. அதை வாடிக்கையாளர் கட்டுகிறார்.

நம் பக்கம்

இதெல்லாம் சீராகும்வரை நாமும் சிலவற்றைச் செய்யலாம். துண்டு துண்டாக அனுப்பாமல் ஒரே செய்தியில் எழுதுங்கள்: எவ்வளவு பணம், எந்த நாள், எத்தனை மணி, என்ன ஆனது, என்ன வேண்டும். யுபிஐ என்றால் ஆப்பிலோ வங்கி எஸ்எம்எஸ்ஸிலோ இருக்கும் 12 இலக்க எண்ணையும் சேருங்கள். பாட் இரண்டு முறை தடுமாறினால் மூன்றாவது விளக்கம் எழுதாமல் ‘ஊழியருடன் பேச வேண்டும்’ என்று மட்டும் அனுப்புங்கள். உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, புகார் எண்ணையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வங்கியோ பணப்பரிவர்த்தனை நிறுவனமோ 30 நாளில் தீர்க்கவில்லை என்றால் cms.rbi.org.in என்ற தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் தரலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது, நிறுவனத்திடம் எப்போது சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்பதுதான். பாட்டுடன் நடந்த அந்த உரையாடலே அப்போது உங்கள் ஆதாரம்.